பொத்தானின் பின்பக்கம்

1870ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில், ஒரு விறகுவெட்டியின் மனைவி ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் வந்தார். கணவருக்கு ஒரு கால்சட்டை வேண்டும், சட்டென்று கிழிந்துபோகக் கூடாது என்றார். டேவிஸ் மூன்று டாலர் வாங்கிக்கொண்டு தைத்தார். உழைப்பாளியின் கால்சட்டை முதலில் கிழிவது பாக்கெட் வாயின் மூலையில்தான். ஆணியையும் கருவியையும் திணித்துத் திணித்து அங்கே தையல் விட்டுப்போகும். குதிரைப் போர்வைகளில் வார்களைப் பிணைக்க வைத்திருந்த செம்பு ரிவெட்டுகள் கடையிலேயே கிடந்தன. அவற்றை எடுத்துப் பாக்கெட் மூலைகளில் அடித்தார். அந்தக் கால்சட்டை நிலைத்தது, பேச்சுப் பரவியது, ஆர்டர்கள் குவிந்தன.

காப்புரிமை வாங்க டேவிஸிடம் பணம் இல்லை. தனக்குத் துணி அனுப்பிவந்த சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். செலவை நீங்கள் ஏற்றால் உரிமையில் பாதி உங்களுக்கு என்பது பேச்சு. 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணுடன் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அது கால்சட்டைக்குக் கிடைத்த உரிமை அல்ல. பாக்கெட் வாயை ரிவெட்டால் இறுக்கும் முறைக்குக் கிடைத்த உரிமை. அடுத்த ஆண்டே, இதே முறையில் கால்சட்டை தைத்து விற்ற சான் பிரான்சிஸ்கோப் போட்டியாளர் ஒருவர்மேல் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஜீன்ஸ் பிறந்த கையோடு அதன் நகலும் பிறந்துவிட்டது.

இன்று 501 என்ற எண்ணால் அறியப்படும் அந்தக் கால்சட்டையின் உடம்பில் இருக்கும் அடையாளங்களில் பல, நகலுக்கு அஞ்சிச் சேர்க்கப்பட்டவை. காப்புரிமை 17 ஆண்டுகளுக்குத்தான். 1890க்குப் பிறகு ரிவெட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதற்குக் கொஞ்சம் முன்பாக, 1886இல், இடுப்புப் பட்டையின் பின்னால் ஒரு தோல் சீட்டு வந்தது. இரண்டு குதிரைகள் ஒரு கால்சட்டையை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கின்றன, அது கிழியவில்லை. படிக்கத் தெரியாதவரும் கடையில் கைகாட்டி வாங்க அந்தப் படம் போதும். பின் பாக்கெட்டில் வில்போல் வளைந்த இரட்டைத் தையல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதையும் மற்றவர்கள் தைக்கத் தொடங்கியபோது, 1936இல், வலது பின் பாக்கெட்டின் விளிம்பில் சிவப்புத் துணிச்சீட்டு ஒன்றைச் செருகினார்கள். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்பது எண்ணம். அந்தச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் 1971 வரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. பிறகு இரண்டாவது எழுத்து மட்டும் சிறியதாயிற்று. பழைய சட்டை சேகரிப்பவர்கள் ‘பிக் ஈ’ என்று சொல்வது 1971க்கு முந்தியதை.

இப்படி ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு பிறந்த ஆண்டு உண்டு. சிலவற்றுக்கு இறந்த ஆண்டும் உண்டு. படத்தைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கும் வித்தை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. ஒரு அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய விஷயமில்லை. அது தன் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தின் வயதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

ரிவெட்டையே எடுத்துக்கொள்வோம். பின் பாக்கெட்டின் ரிவெட்டுகள் குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகின்றன என்று புகார் வந்ததால் 1937இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. பாக்கெட்டுக்குள் பார்த்தால் செம்பு முகம் தெரியும். 1966 வாக்கில் அந்த மறைந்த ரிவெட்டும் போய், நெருக்கமாக அடித்த நூல் கட்டு அந்த இடத்துக்கு வந்தது. ஆகவே மறைந்த ரிவெட்டும், 1971க்குப் பிந்தைய சிறிய எழுத்துச் சீட்டும் ஒரே சட்டையில் இருந்தால் எங்கோ கை பட்டிருக்கிறது. முன் பாக்கெட் ரிவெட்டில் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமும் சான் பிரான்சிஸ்கோவின் இரண்டெழுத்தும் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நல்ல அச்சில் எழுத்துகள் நிமிர்ந்து, இடைவெளி ஒன்றுபோல நிற்கும். மலிவான நகலில் எழுத்து கரைந்தாற்போல இருக்கும், புள்ளிகள் காணாமல் போகும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது ஆண்டு துவைத்து உடுத்திய அசல் ரிவெட்டும் தேய்ந்துதான் இருக்கும்.

தையல் இன்னும் நன்றாகப் பேசும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு நூலுக்கும் உலோகத்துக்கும் கட்டுப்பாடு வைத்தது. கவட்டு ரிவெட்டும், சின்ன கடிகாரப் பாக்கெட்டின் ரிவெட்டுகளும் போயின. பின் பாக்கெட்டின் வளைவுத் தையல் வெறும் அலங்காரம், நூல் வீண் என்றார்கள். நிறுவனம் அந்த வளைவைப் பாக்கெட்டில் பெயிண்டால் வரைந்து அனுப்பியது. துவைக்கத் துவைக்க அது மங்கிப் போகும். போர் முடிந்து நூல் திரும்பி வந்தபோது இரட்டை ஊசி மெஷினும் வந்திருந்தது. அதற்கு முன் ஒற்றை ஊசியால் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு என்று தைப்பார்கள். இரண்டு கோடுகளின் இடைவெளி கைக்குக் கை மாறும். இரட்டை ஊசியில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஓடும். நடுவில் இரு வளைவுகளும் கூடும் இடத்தில் கோடுகள் வெட்டிக்கொண்டு சின்ன சாய்சதுரம் ஒன்று விழும்.

படத்தில் அந்தச் சாய்சதுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய நகல்களில் வளைவு அளவுக்கு மீறிக் குழிந்திருக்கும், அல்லது நடுக்கூடல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், அல்லது கோடுகள் சந்திக்காமல் நின்றுவிடும். ஒற்றை ஊசிக் கோடுகள் கொண்ட சட்டையை 1970களின் சட்டை என்று யாராவது விற்றால், காலம் பொருந்தவில்லை. கால் ஓரத்தையும் பார்க்க வேண்டும். அசல் 501இன் கீழ் மடிப்பு சங்கிலித் தையலில் போட்டது. உள்பக்கம் திருப்பினால் நூல் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஓடும். துவைத்த பிறகு அந்த மடிப்பு கயிறு முறுக்கியதுபோலச் சாய்ந்து சுருளும். ஊருக்கு ஊர் தையல்காரர் உயரம் குறைத்துக் கொடுப்பது சாதாரணத் தையலில்தான் என்பதால், சங்கிலித் தையல் இல்லாததை வைத்து மட்டும் சட்டையைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

இவை எல்லாம் வாங்குபவர் கண்ணுக்காக வைத்த அடையாளங்கள். நகல் செய்பவரும் வாங்குபவராக நின்றுதான் பார்க்கிறார். ஆகவே சிவப்புச் சீட்டையும் வளைவையும் குதிரைப் படத்தையும் ஓரளவு நன்றாகவே செய்துவிடுகிறார். தொழிற்சாலை தன் சொந்தக் கணக்குக்காக வைத்த குறிகள் வேறு சில உண்டு. அவற்றை உடுத்துபவர் ஆயுள் முழுக்கப் பார்க்காமலே போகலாம். நகல் சறுக்குவது பெரும்பாலும் அங்கே.

முதலாவது, இடுப்பில் போடும் மேல் பட்டனின் பின்பக்கம். முன்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். திருப்பினால், துணிக்குள் அடித்த தட்டையான முகத்தில் ஒரு எண் இருக்கும். எந்தத் தொழிற்சாலை தைத்தது என்பதன் குறி அது. 1970களின் சட்டைகளில் 6, 8, 16 போன்ற சின்ன எண்கள். பிறகு 524, 555 போன்ற மூன்று இலக்கங்கள். அதன் பிறகு நான்கு இலக்கங்களும் எழுத்து கலந்த குறிகளும் வந்தன.

இரண்டாவது, துவைக்கும் முறை சொல்லும் உள் லேபிள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், துணியில் பராமரிப்புக் குறிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று விதித்தது 1972 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே ஜீன்ஸுக்குள் அந்த வெள்ளை லேபிள் வழக்கமாயிற்று. லேபிளின் மூலையில் தைத்த மாதமும் ஆண்டும் தொழிற்சாலை எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தத் தொழிற்சாலை எண்ணும் பட்டன் பின்னால் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற லேபிளில் டபிள்யூ.பி.எல். 423 என்று ஒரு பதிவெண்ணும் கிடைக்கும். கம்பளித் துணிச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளருக்கு அரசு கொடுத்த எண் அது. 1959க்குப் பிறகு அந்த வரிசையில் புதிய எண் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நகல் லேபிளில் இந்த எண் இருக்காமல் போகும், இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நகல் செய்பவர் பட்டனை மூட்டையாக வாங்குகிறார். அந்த மூட்டையில் எல்லாப் பட்டனின் பின்பக்கமும் வெறுமையாக இருக்கும், அல்லது எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். லேபிளை வேறொருவர் அச்சடிக்கிறார். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும்போது பொருத்திப் பார்க்க அங்கே யாருக்கும் தேவை இருப்பதில்லை. லேபிளில் 501 என்று அச்சடித்து, முன்னால் ஜிப் வைத்துத் தைத்துவிடுவதும் இதே அலட்சியம்தான். 501 பட்டன் வைத்த சட்டை. 1950களில் ஜிப் வைத்த வகை ஒன்று வந்தது உண்மை. ஆனால் அதன் எண்ணுக்குப் பின்னால் தனி எழுத்து உண்டு. இன்றைய கடைச் சட்டையில் 501 என்ற எண்ணும் ஜிப்பும் சேர்ந்து தெரிந்தால் மேற்கொண்டு ரிவெட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டைகள் தைத்த இடத்திலேயே இருந்துவிடவில்லை. சுரங்கத்திலும் பண்ணையிலும் கிழிந்து, பழந்துணி மூட்டையாகி, 1980களிலும் 1990களிலும் ஜப்பானிய வியாபாரிகள் கையில் சிக்கின. அமெரிக்கச் சிற்றூர்க் கடைகளின் பின்னறைகளில் விற்காமல் கிடந்த பழைய 501களை அவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த ஆசையிலிருந்தே ஒசாகாவில் பழைய முறைத் தறி, பழைய முறைத் தையல் என்று தனி ஜீன்ஸ் தொழில் வளர்ந்தது. 2001இல் நெவாடாவின் சுரங்க ஊர் ஒன்றில் கிடைத்த 1880களின் சட்டை இணைய ஏலத்துக்கு வந்தது. லீவை ஸ்ட்ராஸ் நிறுவனமே 46,532 டாலர் கொடுத்துத் தன் பழைய சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விலை இந்த உயரத்துக்குப் போனபின் நகல் இரண்டு வகையாகப் பிரிந்தது. தெருவில் விற்கும் மலிவு நகல் ஒன்று. பழையதாக வேடம் போட்ட புதியது இன்னொன்று. கண்டுபிடிக்கக் கடினமானது இரண்டாவதுதான், ஏனென்றால் அதன் உடம்பில் ஒரு அடையாளமும் போலியாக இருக்காது.

பழைய உடைகளை வாங்கி விற்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி ஒரு சட்டையின் படங்களை எனக்கு அனுப்பினான். “அண்ணா, பிக் ஈ. 1950கள்ல தைச்சதுன்னு சொல்றாங்க. உள்ள மறைஞ்ச ரிவெட்டும் இருக்கு. விலை அதிகந்தான், ஆனா வாங்கலாமா?”

படங்கள் தெளிவாகவே இருந்தன. சிவப்புச் சீட்டில் எல்லாம் பெரிய எழுத்து. பின் பாக்கெட்டுக்குள் செம்பு முகம். வளைவுத் தையலின் நடுவில் ஒழுங்கான சாய்சதுரம். கால் மடிப்பை வெளியே திருப்பி ஒரு படம். வேட்டிக்கு இருப்பதுபோலத் துணியின் விளிம்பில் வெள்ளைக் கரை, அதில் ஒரு சிவப்பு நூல். வட கரோலினாவின் வைட் ஓக் ஆலையில் குறுகிய தறியில் நெய்த துணிக்கு அந்தச் சிவப்பு நூல் அடையாளம். 501கள் அந்தத் துணியில் 1980களின் நடுப்பகுதி வரை வந்தன. எல்லாம் 1950களோடு பொருந்தியது.

அனுப்பிய படங்களைவிட அனுப்பாத படங்கள் என்னை நிறுத்தின. “மேல் பட்டனத் திருப்பி ஒரு படம் கேளு. இடுப்புக்குக் கீழ, உள்பக்கத் தையல் முழுக்கத் தெரியறமாதிரி இன்னொண்ணு. ரெண்டும் ஒரே வெளிச்சத்துல, ஒரே தரையில வச்சு எடுக்கச் சொல்லு” என்றேன். ஒரே தரை என்று சொன்னதற்குக் காரணம், வேறொரு சட்டையின் பட்டன் படத்தை எடுத்து ஒட்டிவிடுவது இந்த வியாபாரத்தில் நடக்கிறது. வெளிச்சத்தைச் சொன்னது நூலுக்காக. மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளை நூலும் ஆரஞ்சாகத் தெரியும். அந்தக் காலத்துச் சட்டையில் எலுமிச்சை மஞ்சளும் செம்பு நிறமும் கலந்து தைத்திருப்பார்கள். அதைப் பகல் வெளிச்சத்தில்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. பட்டனின் பின்னால் 555.

சான் பிரான்சிஸ்கோவின் வலென்சியா தெருவில், 1906 பூகம்பத்துக்குப் பிறகு கட்டிய நிறுவனத்தின் பழைய தொழிற்சாலையின் குறி அது. அங்கே பிற்காலத்தில், நிறுவனம் தன் பழைய சட்டைகளைத் தானே மறுபடி அதேபோலத் தைத்து ‘விண்டேஜ்’ வரிசையாக விற்றது. பெரிய எழுத்துச் சீட்டு, மறைந்த ரிவெட்டு, சிவப்பு நூல் கரை, எல்லாம் அதில் இருக்கும். எல்லாம் நிறுவனமே வைத்தவை. தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. 1950களின் சட்டையில் மூன்று இலக்க 555 இருக்க வழியில்லை.

பட்டனைப் பிறகு மாற்றியிருக்கலாமே என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஜீன்ஸ் பட்டன் நூலில் தைப்பதில்லை, துணியைத் துளைத்து அடிப்பது. பிடுங்கி வேறு அடித்தால் சுற்றிலும் பழைய துளையின் கிழிசலோ ஒட்டோ இருக்கும். படத்தில் அந்த இடத்து இழைகள் குலையாமல் இருந்தன. பட்டனுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சி இரண்டாவது படத்தில் கிடைத்தது. உள்பக்கத் தையலுக்குள் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது, கத்தரியால் நேராக வெட்டியதுபோல. அங்கே ஒரு லேபிள் இருந்திருக்கிறது. 1950களின் சட்டையில் தைத்த பராமரிப்பு லேபிளே கிடையாது. லேபிள் இருந்தால் அது என்ன சொல்லியிருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் வெட்டியிருக்க வேண்டும்.

அது போலிச் சட்டை அல்ல. நல்ல துணி, நல்ல தையல், நிறுவனத்தின் சொந்தக் கைவேலை. வயதில் மட்டும் நாற்பது ஆண்டு கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. மறுதயாரிப்பின் விலை சொன்னால் வாங்கு என்றேன். விற்பவர் அந்த விலைக்கு இறங்கவில்லை, பேச்சு அதோடு நின்றது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது, எனக்கு அது இன்னும் அதிகமாக உறுத்தும். சிவப்புச் சீட்டில் பெயரே இல்லாமல் பதிவுக்குறி மட்டும் உள்ள சட்டையைப் பார்த்தவுடன் போலி என்று கத்திவிடுகிறார்கள். அந்தச் சீட்டின் இடமும் நிறமுமே தன் வணிகச் சின்னம் என்று காட்ட, நிறுவனம் வேண்டுமென்றே ஒரு பகுதிச் சட்டைகளில் பெயரில்லாத சீட்டை வைக்கிறது. பழைய லேபிள் வெளுத்து எழுத்தே இல்லாமல் இருப்பதும் போலிக்குச் சாட்சி ஆகாது, துவைத்ததற்கே சாட்சி. படத்தால் ஒரு முரண்பாட்டை நிரூபிக்க முடியும். எல்லாம் பொருந்துகின்ற சட்டையை அசல் என்று அது சத்தியம் செய்ய முடியாது. நல்ல நகல்காரர் 555ஐயும் பொறிப்பார், அதே எண்ணை லேபிளிலும் அச்சடிப்பார்.

எல்லாம் பொருந்தியும் நீதிமன்றம் வரை போன சட்டைகளும் உண்டு. பிரிட்டனின் டெஸ்கோ, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து 501களை வாங்கி வந்து, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடைகளைவிடக் குறைந்த விலையில் விற்றது. ரிவெட்டு, பட்டன் எண், லேபிள், தையல், ஒன்றும் போலி இல்லை. வெளியே விற்ற சரக்கை ஐரோப்பாவுக்குள் விற்க நிறுவனம் சம்மதித்ததா என்பதே வழக்கு. லேபிளில் ‘ஐரோப்பாவில் விற்கக் கூடாது’ என்று எழுதியிருக்கவில்லையே, அப்படியானால் சம்மதம்தானே என்ற வாதம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்தது. 2001 நவம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: லேபிள் எச்சரிக்கவில்லை என்பதால் உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, சம்மதம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும். அடுத்த ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றமும் டெஸ்கோவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.